அட்டியில் தொங்கும் அட்டை

கிடங்குக் கதவு திறந்ததும் முதலில் வருவது வாசனைதான். புழுங்கல் அரிசியின் மணமும் சணல் கோணியின் மணமும் கலந்து, கொஞ்சம் தூசியோடு மூக்கில் ஏறும். கண் இருட்டுக்குப் பழகியதும் இரண்டு பக்கமும் மூட்டைச் சுவர்கள் தெரிகின்றன. ஒவ்வொரு சுவரும் ஒரு அட்டி. ஒவ்வொரு அட்டியின் முகப்பிலும், ஆள் உயரத்தில், ஒரு மூட்டையின் தையல் நூலில் கோர்த்து ஒரு அட்டை தொங்குகிறது. பள்ளிக்கூட மதிப்பெண் அட்டை அளவுதான் இருக்கும். விரல் பட்டுப் பட்டு ஓரம் கறுத்திருக்கும்.

கிடங்கில் வேலை செய்பவர்கள் அதை ஸ்டேக் கார்டு என்கிறார்கள். அட்டி எண், சரக்கின் பெயர், எந்தப் பருவத்து அரிசி, எந்த ஆலையிலிருந்து வந்தது, அடுக்கத் தொடங்கிய தேதி, முடித்த தேதி, மூட்டை எண்ணிக்கை, எடை, வந்தபோது இருந்த ஈரப்பதம் ஆகியவை மேலே இருக்கும். கீழே கட்டம் கட்டமாக, ஆய்வு செய்த தேதி, அன்றைய ஈரப்பதம், பூச்சி உண்டா இல்லையா, மருந்து அடித்த நாள், வெளியே போன மூட்டை, மீதி, கையெழுத்து.

பார்த்தால் சாதாரணப் பதிவுதான். ஆனால் நூறு டன் அரிசிக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஒரு ஊழியருக்கு, ஒரு நாள் எடை குறைகிறது என்று யாராவது கேட்கும்போது, அவர் பக்கம் நின்று பேசக்கூடிய சாட்சி அது ஒன்றுதான். அதே அட்டைதான், அரிசியை யாராவது எடுத்திருந்தால், அதையும் சொல்லிக்கொடுக்கிறது.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கணக்குக்கும் பழைய உறவு உண்டு. இந்திய உணவுக் கழகம் 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவானபோது, அதன் முதல் மாவட்ட அலுவலகம் 1965 ஜனவரியில் தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது. பிறகு 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. இன்று டெல்டாவில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாகக் கட்டப்படும் நெல், ஆலைக்குப் போய் அரிசியாகி, 50 கிலோ மூட்டையாகக் கிடங்குக்குத் திரும்புகிறது. அங்கிருந்து ரேஷன் கடை. இந்தப் பாதையில் அரிசி மிக நீண்ட நாள் தங்கும் இடம் கிடங்கு. ஆகவே மூட்டையை எண்ணுவதும் அங்கேதான் மிகக் கவனமாக நடக்க வேண்டியிருக்கிறது.

எண்ணுவது என்றால் ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் வைத்து எண்ணுவதல்ல. இரண்டாயிரம் மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்போது வெளியே தெரிவது சில நூறுதான். மீதி உள்ளே மறைந்திருக்கிறது. எனவே எண்ணிக்கை, மூட்டையை அடுக்கும் விதத்திலேயே தொடங்கிவிடுகிறது.

வழக்கமான அட்டியின் அடித்தளம் 30 அடி நீளம், 20 அடி அகலம். தரையில் முதலில் மரச்சட்டங்களோ, மூங்கில் பாயும் பாலித்தீன் விரிப்புமோ போடுவார்கள். சிமெண்டுத் தரையின் ஈரம் மூட்டைக்கு ஏறாமல் இருக்க அது தேவை. சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளித்தான் அட்டி எழும்ப வேண்டும். ஆள் சுற்றி வர வழி இல்லாத அட்டியை எண்ணவும் முடியாது, மருந்து அடிக்கவும் முடியாது.

இப்போது ஒரு கணக்கு. நிரம்பிய 50 கிலோ அரிசி மூட்டை படுத்த நிலையில் சுமார் இரண்டரை அடி நீளமும் ஒன்றே முக்கால் அடிக்குச் சற்றுக் குறைவான அகலமும், அதாவது 30 அங்குலமும் 20 அங்குலமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் வரிசையில் மூட்டையின் நீளம் அட்டியின் நீளத்தோடு போகும்படி வைத்தால், 30 அடிக்கு 12 மூட்டை, 20 அடி அகலத்துக்கு 12 மூட்டை. ஆக ஒரு படுகைக்கு 144. அடுத்த படுகையில் மூட்டைகளைக் குறுக்கே திருப்பினால், நீளவாட்டில் 18, அகலவாட்டில் 8. அதுவும் 144.

இந்தத் திருப்பத்தில்தான் விஷயம் இருக்கிறது. மேல் படுகையின் மூட்டைகள் கீழ்ப் படுகையின் இடுக்குகளின் மேல் குறுக்காக உட்காருவதால் அட்டி ஒன்றையொன்று பிடித்துக்கொள்கிறது, சரியாது. செங்கல் கட்டுவதில் கொத்தனார் பார்க்கும் அதே பிடிப்பு. அதோடு, எந்தப் படுகையை எடுத்தாலும் எண்ணிக்கை ஒன்றேதான். 15 படுகை ஏறினால் 2,160 மூட்டை, 108 டன். கிடங்குக்குள் வரும் ஆய்வாளர் நீளத்தில் எத்தனை, அகலத்தில் எத்தனை, உயரத்தில் எத்தனை என்று மூன்று எண்களைப் பார்த்துப் பெருக்கினால் போதும். இப்படி அடுக்கியதை ‘எண்ணும் நிலையில் இருக்கிறது’ என்பார்கள். சுமைதூக்கும் தொழிலாளிகளில் அனுபவப்பட்டவர்கள் இதைக் காகிதம் இல்லாமலேயே செய்துவிடுகிறார்கள். மூட்டை முதுகிலிருந்து இறங்கும்போதே அது நெட்டுக்கா குறுக்குக்கா என்று கால் தானாகத் திரும்புகிறது. அந்தத் தேர்ச்சிக்குக் கூலிப் பட்டியலில் தனியாக ஒரு வரி கிடையாது என்பது வருத்தமான விஷயம்.

லாரியிலிருந்து இறக்கும்போது இன்னொரு எண்ணிக்கை நடக்கிறது. கதவருகே எழுத்தர் ஒருவர் நிற்பார். ஒவ்வொரு மூட்டை கடக்கும்போதும் ஒரு கோடு. நான்கு கோடு நேராக, ஐந்தாவது குறுக்காக. களத்தில் நெல் அளந்த காலத்தில் முதல் மரக்காலுக்கு ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்குவது டெல்டா வழக்கம். அந்தச் சொல் இன்றைய கோடுகளில் இல்லை. ஆனால் ஒரு அளவு விட்டுப்போனால் யாராவது ஒருவர் ஈடு கட்ட வேண்டும் என்ற பயம் இரண்டிலும் ஒன்றுதான்.

ஒரு லாரியில் 280 மூட்டை வருகிறது என்றால், அட்டியில் ஒரு முழுப் படுகை 144 போக, இரண்டாவது படுகையில் 136 நிற்க வேண்டும். இரண்டாவது லாரியும் இறங்கினால் மொத்தம் 560. மூன்று படுகைக்கு 432, நான்காவதில் 128. அன்று மாலை மேலே ஏறிப் பார்க்கும்போது 127 இருந்தால், அந்த ஒரு மூட்டை எங்கே என்று அன்றே கேட்டுவிடலாம். லாரியில் கிடக்கிறதா, கிழிந்து ஓரமாக வைக்கப்பட்டதா, கோடு ஒன்று கூடுதலாக விழுந்ததா என்று பார்க்க ஆட்களும் அங்கேயே இருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். ஒவ்வொரு லாரி இறங்கியதும் அட்டையில் தேதியோடு எண்ணிக்கை ஏறினால்தான் இந்தச் சோதனை நடக்கும். எட்டு லாரியும் இறங்கி முடிந்தபின் மொத்தமாக எழுதினால், அட்டையில் எண் இருக்கும், சோதனை இருக்காது.

தேதிக்கு இன்னொரு வேலையும் உண்டு. முதலில் வந்த அரிசி முதலில் போக வேண்டும் என்பது கிடங்கின் அடிப்படை விதி. கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் அட்டியை எடுப்பது எளிது. ஆனால் அது போன வாரம் வந்ததாக இருக்கலாம். உள் மூலையில் இருப்பது போன வருஷத்துச் சம்பா அரிசியாக இருக்கலாம். பெரும்பாலும் மூட்டை எல்லாம் ஒரே நிறத்தில் கிடக்கும் அந்த அரை இருட்டில், எது மூத்தது என்று முகப்பிலேயே சொல்வது தேதிதான். ஒரு அட்டியில் இரண்டு பருவத்து அரிசியைக் கலந்து அடுக்கிவிட்டால் அந்தத் தேதி அர்த்தமிழக்கிறது. ஆகவே இடம் இல்லை என்று சொல்லிப் பழைய அட்டியின் தலையில் புது மூட்டையை ஏற்றுவதை அனுபவமுள்ள பொறுப்பாளர்கள் ஒருநாளும் அனுமதிப்பதில்லை.

மூட்டை எண்ணிக்கை சரி. பிறகு ஈரப்பதம் எதற்கு?

அரிசி உயிரற்ற கல் அல்ல. காற்றில் ஈரம் குறைந்தால் தன் ஈரத்தை விடும், கூடினால் வாங்கிக்கொள்ளும். 14 சதவீத ஈரமுள்ள அரிசி, சுமார் 70 சதவீத ஈரப்பதமுள்ள காற்றோடு சமநிலையில் இருக்கும். பங்குனி, சித்திரையில் காற்று காய்ந்தால் அரிசி எடை இழக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை அடிக்கும்போது திரும்பப் பெறுகிறது. மூட்டையின் எண்ணிக்கை மாறாது, தையல் பிரியாது, யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். எடை மட்டும் மாறும்.

எவ்வளவு மாறும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அட்டையின் அருமை புரியும். 50 கிலோ அரிசியில் 14 சதவீதம் தண்ணீர் என்றால், 7 கிலோ தண்ணீர், 43 கிலோ உலர் பொருள். ஈரம் 13 சதவீதமாக இறங்கினாலும் அந்த 43 கிலோ அப்படியே இருக்கும். ஆனால் இப்போது அது மொத்தத்தில் 87 சதவீதம். 43-ஐ 0.87-ஆல் வகுத்தால் 49.425. ஒரு மூட்டைக்கு 575 கிராம் குறைகிறது. 2,160 மூட்டைக்குப் பெருக்கினால் 1,241 கிலோ. ஏறக்குறைய 25 மூட்டை அரிசி, ஒரு மூட்டை கூட நகராமல், காற்றோடு போய்விட்டது.

ஈரப்பதக் குறிப்பு இல்லாத கிடங்கில் இந்த 1,241 கிலோவுக்கு யார் பதில் சொல்வது? பொறுப்பாளர்தான். சம்பளத்தில் பிடித்தம் வரும், விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும், பெயரில் ஒரு கறை விழும். அடுக்கிய அன்று 14.0, இன்று 13.0 என்று தேதியோடு எழுதி, மேலதிகாரியின் சுருக்கொப்பமும் இருந்தால், அந்தக் குறைவுக்குக் காரணம் அட்டையிலேயே இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. காய்ந்த அரிசி மழைக்காலத்தில் எடை ஏறும்போது, அந்த ஏற்றம் கணக்கில் வர வேண்டும். 13 சதவீதத்தில் வந்த அரிசி 14-க்கு ஏறியிருந்தால், 108 டன் அட்டியில் ஒரு டன்னுக்கு மேல் கூடுதலாக நிற்கும். அந்தக் கூடுதலைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு, மீதி எடை பழைய எடையோடு சரியாக இருக்கிறது என்று காட்டுவது எளிது. ஈரப்பதம் எழுதப்படாத இடத்தில் இந்தத் திருட்டு யாருக்கும் தெரியாது. ஒரே குறிப்பு நேர்மையானவரைக் காப்பாற்றுகிறது, நேர்மையற்றவரைக் காட்டிக்கொடுக்கிறது. ஆகவே அதை எழுதுவதில் உள்ள கவனம் முக்கியம்.

அளப்பது இப்படித்தான். கையில் கூர்நுனி கொண்ட ஒரு உலோகக் குழல். மூட்டையின் சணல் இழைகளுக்கு நடுவே அதைக் குத்தினால் ஒரு பிடி அரிசி குழல் வழியே கையில் விழும். குத்திய இடத்தில் இழையை விரலால் நீவிவிட்டால் துளை அடைந்துவிடும். அட்டியின் நான்கு பக்கத்திலிருந்தும், கீழ், நடு, மேல் படுகைகளிலிருந்தும் மாதிரி எடுத்து, தனித்தனியாக மின்னணு ஈரப்பதமானியில் போட்டுப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் எழுதிச் சராசரி எடுக்க வேண்டும்.

இங்கே பிழை நுழையும் வழிகள் பல. கதவோர மூட்டையில் மட்டும் அளந்தால், காற்றுப் பட்டுக் காய்ந்த பகுதியின் அளவுதான் கிடைக்கும். கருவியில் நெல், அரிசி, கோதுமை என்று தனித்தனித் தேர்வு உண்டு. நெல்லுக்கு வைத்துவிட்டு அரிசியை அளந்தால் திரையில் ஏதோ ஒரு எண் வரும், அது அரிசியின் ஈரம் அல்ல. வெயிலில் நின்ற லாரியின் சூடான அரிசியையும் உடனே அளக்கக் கூடாது, ஆறவிட வேண்டும். கருவியே அரை சதவீதம் பிசகினாலும் நம் அட்டியில் அது 620 கிலோவுக்கு மேல் வித்தியாசம் காட்டும். எனவே சந்தேகம் வந்தால் ஆய்வகத்தில் அரிசியைப் பொடித்து, 130 பாகை வெப்பத்தில் இரண்டு மணி நேரம் அடுப்பில் உலர்த்தி, முன்னும் பின்னும் எடை பார்த்துக் கருவியைச் சரிபார்க்கிறார்கள். ஒரே ஒரு மூட்டையில் ஒரே ஒரு முறை அளந்த எண்ணை நம்பி ஒருவரைக் குற்றம் சொல்லவும் கூடாது, விடுவிக்கவும் கூடாது.

எடை மட்டுமல்ல, கெட்டுப்போவதையும் ஈரம்தான் முன்கூட்டிச் சொல்கிறது. அரசுக் கொள்முதலில் அரிசிக்கு ஈரப்பத வரம்பு 14 சதவீதம். அதற்குச் சற்று மேலே போனால் விலையில் பிடித்தம் செய்து வாங்குவார்கள். நெல்லுக்கு வரம்பு 17. அறுவடை நேரத்தில் மழை பெய்து நெல் காயாத ஆண்டுகளில் இந்த வரம்பைத் தளர்த்தச் சொல்லி விவசாயிகள் கேட்பதும், மாநில அரசு ஒன்றிய அரசுக்கு எழுதுவதும் டெல்டாவில் அடிக்கடி நடப்பது. 2022 அக்டோபரில் 19 சதவீதம் வரை வாங்க அனுமதி கிடைத்தது. விவசாயிக்கு அது நியாயமான உதவி. ஆனால் அந்த இரண்டு சதவீத ஈரமும் எங்கேயோ உலர்த்தப்பட்டாக வேண்டும். உலர்த்தாமல் அடுக்கினால் அட்டியின் நடுவில் சூடு ஏறும், பூஞ்சை பிடிக்கும், அரிசி பழுக்கும்.

நடு அட்டியின் சூட்டை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கஷ்டம். அட்டையைத் தொடர்ந்து பார்ப்பவருக்கு மட்டும் ஒரு அறிகுறி கிடைக்கும். மற்ற அட்டிகள் எல்லாம் சித்திரையில் 13.4, 13.2 என்று இறங்கிக்கொண்டிருக்கும்போது, ஒரு அட்டி மட்டும் 14.1, 14.3 என்று ஏறினால் அங்கே ஏதோ நடக்கிறது. கூரை ஒழுகலாம். தரைவிரிப்பு கிழிந்திருக்கலாம். வண்டு பெருகியிருக்கலாம். பூச்சிகள் மூச்சுவிடும்போது வெப்பத்தோடு ஈரத்தையும் வெளியிடுகின்றன. அனுபவசாலிகள் இரண்டு மூட்டைக்கு நடுவே முழங்கை வரை கையை நுழைத்துப் பார்ப்பார்கள். கை வெதுவெதுப்பாக வெளியே வந்தால் உடனே அட்டியைப் பிரிக்கச் சொல்வார்கள்.

பூச்சிமருந்தின் தேதியும் அதே அட்டையில்தான். மாலத்தியான் என்றால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, டெல்டாமெத்ரின் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூட்டையின் வெளிப்புறத்திலும் தரையிலும் தெளிக்கிறார்கள். உள்ளே வண்டு ஏறிவிட்டால் புகைமூட்டம் போட வேண்டும். அட்டியைக் காற்றுப் புகாத உறையால் மூடி, உறையின் ஓரங்களில் மணல் நிரப்பிய நீண்ட துணிப்பைகளை வைத்து அழுத்தி, உள்ளே அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைப்பார்கள். டன்னுக்கு 3 கிராம் மாத்திரை மூன்று. நம் 108 டன் அட்டிக்கு 324 மாத்திரை. உறை மூடிய தேதியும் திறக்க வேண்டிய தேதியும் அட்டையில் இல்லாவிட்டால் ஆபத்து மனிதர்களுக்குத்தான். அந்த வாயு உயிரைக் குடிக்கும். ஏழு நாள் மூடியிருக்க வேண்டிய அட்டியை யாரோ அறியாமல் ஐந்தாம் நாள் பிரித்தால் பூச்சியும் சாகாது, பிரிப்பவருக்கும் பாதுகாப்பில்லை.

இனி அந்த அட்டியின் கதையை முழுவதும் பார்க்கலாம். உதாரணத்துக்காக அமைத்த கணக்கு இது. பிப்ரவரி 3-இல் தொடங்கி 6-ஆம் தேதி முடிந்த புழுங்கல் அரிசி அட்டி. 2,160 மூட்டை, 1,08,000 கிலோ, ஈரம் 14.0. மார்ச் நடுவில் 13.7. ஏப்ரலில் 13.4. மே கடைசியில் 13.0.

ஜூன் 2-இல் 500 மூட்டை வெளியே போகிறது. கணக்குப்படி 25,000 கிலோ. எடைமேடையில் கோணி எடை கழித்து 24,705. குறைவு 295 கிலோ. அதில் ஈரம் இறங்கியதால் குறைய வேண்டியது மூட்டைக்கு 575 கிராம் வீதம் 287. மீதி 8 கிலோ. அட்டையில் மூன்று கோடு எழுதினால் வேலை முடிந்தது.

அந்த 500 மூட்டையை எப்படி எடுத்தார்கள் என்பது முக்கியம். அவசரத்தில் முன்பக்கச் சுவரைக் கலைத்து எடுத்தால் அட்டி படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். அதன்பின் எந்த எண்ணைப் பெருக்கினாலும் சரியாக வராது. மேலிருந்து படுகை படுகையாக எடுத்தால், மீதி 1,660. பதினோரு முழுப் படுகை 1,584, பன்னிரண்டாவது படுகையில் 76. மேலே ஏறி அந்த 76-ஐ மட்டும் எண்ணினால் போதும்.

ஏறித்தான் ஆக வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. கிடங்கு மோசடிகளில் பழமையானது, வெளிச்சுவரை அப்படியே விட்டுவிட்டு நடுவில் கிணறு தோண்டுவது. நடுவில் நான்குக்கு நான்கு மூட்டை, ஆறு படுகை ஆழம் எடுத்தால் 96 மூட்டை, 4.8 டன். மேல் படுகையைத் திரும்ப மூடிவிட்டால் கீழே நிற்பவருக்கு நீளம், அகலம், உயரம் எல்லாம் சரியாகவே இருக்கும். பெருக்கினால் அட்டையோடு ஒத்துப்போகும். ஆனால் மேலே நடந்தால் கால் சொல்லும். அடியில் ஆதாரம் இல்லாத மூட்டை மிதித்ததும் அமுங்கும். நடுவில் ஒரு மூட்டையை நகர்த்திப் பார்த்தால், கீழே இருப்பது அதற்குக் குறுக்காகக் கிடக்க வேண்டும். ஒரே திசையில் கிடந்தாலோ, பலகையோ காலிக் கோணிச் சுருளோ தெரிந்தாலோ அட்டியைப் பிரித்துத்தான் எண்ண வேண்டும். பிரிக்காமல் எண்ணும் எந்த முறைக்கும் இந்த எல்லை உண்டு. உள்ளே இருப்பதை அது ஊகிக்கிறது, பார்ப்பதில்லை.

போலி அட்டையையும் கண்டுபிடிக்கலாம். ஆறு மாதப் பதிவும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரு மசி விலகல் கூட இல்லாமல் இருந்தால் அது ஒரே நாளில் எழுதப்பட்டது. அதைவிடத் தெளிவான அடையாளம் ஈரப்பத வரிசை. மாசியிலும் 14.0, அக்கினி நட்சத்திரத்திலும் 14.0, அடைமழையிலும் 14.0 என்றால், அந்தக் கிடங்கில் யாரும் குழலைக் கையில் எடுக்கவில்லை என்று அர்த்தம். உண்மையாக அளந்த எண்கள் அசையும். பக்கத்து அட்டியின் எண்களோடு சேர்ந்து அசையும். இதைப் பார்க்கத் தெரிந்த ஆய்வாளர் மூட்டையை எண்ணுவதற்கு முன்பே அட்டைகளை வரிசையாகப் படித்துவிட்டுப் போவார்.

நம் அட்டிக்குத் திரும்புவோம். அக்டோபர் மழையில் ஈரம் 13.0-லிருந்து ஏறத் தொடங்குகிறது. மழை நாளில் சன்னலை அடைத்து, வெயில் அடிக்கும் நாளில் திறந்துவிட்டதால் நவம்பர் கடைசியில் 13.6-இல் நிற்கிறது. டிசம்பர் முதல் வாரத்தில் மீதி 1,660 மூட்டையும் லாரி ஏறுகிறது. கணக்கு எடை 83,000 கிலோ. 13.6 ஈரத்துக்கு ஒரு மூட்டை 49.769 கிலோ இருக்க வேண்டும். மொத்தம் 82,616. எடைமேடை காட்டியது 82,540. ஈரத்தால் விளக்க முடியாத குறைவு 76 கிலோ. ஜூன் மாதத்து 8 கிலோவையும் சேர்த்தால் 84.

அட்டி முழுதும் காலியான இந்த நாளில்தான் உண்மையான இழப்பு தெரியவருகிறது. அதுவரை எழுதியதெல்லாம் மதிப்பீடு. மரச்சட்டங்களைத் தூக்கி ஓரமாகச் சாய்த்தபின், பத்து மாதமாக மூட்டை இடுக்கில் சிந்திய அரிசி தரையில் செவ்வகமாகப் படிந்து கிடக்கிறது. தூசியும், கோணி நாரும், வண்டு உடைத்த குருணையும் கலந்தது. பெண் தொழிலாளிகள் இருவர் அதைக் கூட்டி, முறத்தில் புடைத்து, தனி மூட்டையாகக் கட்டுகிறார்கள். எடை 48 கிலோ. ஆக, கணக்கில் வராமல் போனது 36 கிலோ. 108 டன்னில் வண்டு தின்றதும், தூசியாய்ப் பறந்ததும், எடைமேடையின் சின்னப் பிசகும் எல்லாம் அதற்குள் அடக்கம்.

பொறுப்பாளர் அட்டையைத் தையல் நூலிலிருந்து அவிழ்த்து, கடைசிக் கட்டத்தில் தேதி போட்டு, மீதி என்ற இடத்தில் பூஜ்யம் எழுதி, பக்கத்தில் ‘சிந்தல் 48 கி.’ என்று குறித்து, கையெழுத்து இடுகிறார். அட்டை பதிவேட்டுக்குள் போகிறது. அதே இடத்தில் தரையைக் கழுவி, காயவிட்டு, மருந்து தெளிக்க ஆள் வந்துகொண்டிருக்கிறார். நாளை மறுநாள் குறுவை அரிசி வருகிறது. அதற்கான புது அட்டை, எண் மட்டும் எழுதப்பட்டு, மேசையில் காத்திருக்கிறது.